காகிதம் மடித்துத் துளையிடும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும், சுற்றுவட்டாரக் கிராமங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்செய்கிற பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தாளை மடித்து ஓட்டை போடுவதைப் படமாகக் காட்டி, பிரித்தால் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும் என்று கேட்கிற கணக்கு இது. எல்லாப் பதில்களுக்கும் ஒரே தாள்தான். ஏ4 தாளிலிருந்து 20 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி, 5 செ.மீ. அளவில் 16 கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நிற்கிற வரிசைகளுக்கு இடமிருந்து வலம் 1, 2, 3, 4. படுத்த வரிசைகளுக்கு மேலிருந்து கீழ் அ, ஆ, இ, ஈ. மேல் இடது மூலை அ1, கீழ் வலது மூலை ஈ4.

மூணு தடவை மடிச்சா எட்டு ஓட்டைதானே அண்ணாச்சி? என் மவன் அப்படித்தான் போடுதான், பாதி தப்பா வருது.

ஒவ்வொரு மடிப்பும் தாளைச் சரிபாதியாக மடித்தால்தான் எங்கே குத்தினாலும் எட்டு. அப்போதுகூட ஓட்டை மடிப்புக் கோட்டின் மேல் விழக் கூடாது. தேர்வில் வருகிற மடிப்புகளில் பல அப்படி இருக்காது. ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் மடிப்பார்கள், அல்லது ஒரு மூலையை மட்டும் உள்ளே திருப்புவார்கள். அதனால் எத்தனை தடவை மடித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, ஊசி இறங்குகிற இடத்தில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்கு எத்தனையோ ஓட்டை அத்தனை.

இதைச் செய்து பாருங்கள். நம் தாளில் 1ஆம் வரிசையை 2ஆம் வரிசையின் மேல் மடியுங்கள். இரண்டு அடுக்கான அந்த 2ஆம் வரிசையை அப்படியே சுருட்டுகிற மாதிரி 3இன் மேல் மடியுங்கள். இரண்டு மடிப்பு ஆயிற்று. இப்போது 3ஆம் வரிசையில் மூன்று அடுக்கு இருக்கிறது, 4ஆம் வரிசையில் ஒன்றே ஒன்றுதான். ஆ3இல் குத்தினால் மூன்று ஓட்டை, ஆ4இல் குத்தினால் ஒன்று. இரண்டு, நான்கு, எட்டு என்று மட்டுமே பழகிய பிள்ளை மூன்று என்ற விடையைப் பார்த்ததும் தப்பு என்று அடித்துவிடும். ஒற்றைப்படையில் ஓட்டை வருவது சாதாரணம்.

அடுக்கை எப்படி எண்ணுறது? படத்துல வெளிக்கோடு மட்டும்தானே தெரியுது.

மடித்துப்போன பகுதி முன்பு எங்கே இருந்தது என்பதைப் புள்ளிக்கோடாகக் காட்டுவார்கள். அந்தப் புள்ளிக்கோட்டுக்குள் இருக்கிற வெற்றிடம் எவ்வளவு பெரியதோ, அதே அளவு பகுதிதான் மடிப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது எதுவரை மூடுகிறது என்று ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டால் அடுக்கு தெரிந்துவிடும். நிறையப் பிள்ளைகள் புள்ளிக்கோட்டைப் பார்ப்பதே இல்லை, அம்புக்குறியை மட்டும் பார்க்கிறார்கள். அம்புக்குறி திசையைச் சொல்லும், அளவைச் சொல்லாது.

ஒரு கணக்கை முழுசாகப் போடலாம். தாளை விரித்துக்கொள்ளுங்கள். முதல் மடிப்பு: 1ஆம் வரிசை 2இன் மேல். இரண்டாவது மடிப்பு: கீழே இருக்கிற ஈ வரிசையை இ வரிசையின் மேல் ஏற்றுங்கள். மிச்சமிருப்பது 2 முதல் 4 வரை, அ முதல் இ வரை, ஒன்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிற அடுக்கு இது:

```
     2  3  4
அ   2  1  1
ஆ   2  1  1
இ   4  2  2
```

இப்போது இ2இல் ஒன்று, ஆ3இல் ஒன்று என இரண்டு இடத்தில் குத்துகிறோம். பிரிப்பதற்கு முன்பே எண்ணிக்கை தெரியும்: நான்கும் ஒன்றும் ஐந்து. இனி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக மடித்த ஈ வரிசையை முதலில் இறக்குகிறோம். இ2இன் ஓட்டை ஈ2இலும் இருக்கும். ஆ3 அந்த மடிப்பில் சேரவே இல்லை, அது தனி. அடுத்து 1ஆம் வரிசையைத் திறக்கிறோம். இ2, ஈ2 இரண்டும் இ1, ஈ1இல் திரும்ப வரும். ஆ3 இப்போதும் தனி. ஆக இ1, இ2, ஈ1, ஈ2, அவற்றோடு ஆ3. கீழ் இடது மூலையில் நான்கு ஓட்டை சேர்ந்து நிற்க, ஐந்தாவது அவற்றை விட்டுத் தள்ளி நிற்கும். "இரண்டு மடிப்பு, இரண்டு குத்து, எட்டு ஓட்டை" என்று போட்டவருக்குத் தோதாக எட்டு ஓட்டை உள்ள படம் ஒன்றையும் விடைகளில் வைத்திருப்பார்கள்.

கடைசி மடிப்பைத்தான் முதல்ல பிரிக்கணுமா? நான் எப்படிப் பிரிச்சாலும் சரியாத்தானே வருது.

சில கணக்கில் சரியாக வரும், அதுதான் வம்பு. இடமிருந்து வலம் பாதி, மேலிருந்து கீழ் பாதி என்று மடித்த தாளை எந்த வரிசையில் பிரித்துப் போட்டாலும் ஒரே விடைதான். புத்தகத்தில் முதல் பத்துக் கணக்கும் அந்த வகையாக இருப்பதால் பிள்ளைக்கு வரிசை முக்கியமில்லை என்று பதிந்துவிடுகிறது.

மேலே சுருட்டி மடித்த தாளில் ஆ3இல் குத்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான வரிசையில், 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கிற மடிப்பை முதலில் திறந்தால் ஆ3 ஆ2இலும் வரும். அடுத்து 1க்கும் 2க்கும் நடுவில் இருப்பதைத் திறந்தால் ஆ2 ஆ1இலும் வரும். மூன்று ஓட்டை. தலைகீழாகப் போட்டால் என்ன ஆகும்? 1க்கும் 2க்கும் நடுக்கோட்டில் முதலில் திருப்பினால் ஆ3 தாளுக்கு வெளியே போய் விழும், அதனால் விட்டுவிடுவோம். அடுத்த கோட்டில் ஆ2 கிடைக்கும். இரண்டு ஓட்டையோடு கணக்கு முடிந்துவிடும், ஆ1 காணாமல் போயிருக்கும்.

இதே தாளில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஆ4இல் குத்தி, 2-3 மடிப்பைத் திறக்கும்போது ஆ4க்கு நேர் எதிர் இடம் எது? ஆ1. அது சதுரத்துக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அங்கே ஓட்டை வராது. ஏனென்றால் அந்த இரண்டாவது மடிப்புக்கு முன்பே 1ஆம் வரிசை 2இன் மேல் போய்விட்டது, அந்த இடத்தில் அப்போது தாளே இல்லை. எனவே எதிர் இடம் தாளுக்குள் விழுகிறதா என்று பார்க்கும்போது, அந்த மடிப்பு மடிக்கப்படுவதற்குச் சற்று முன் தாள் எந்த வடிவத்தில் இருந்ததோ அதில்தான் பார்க்க வேண்டும். படத்தொடரில் ஒரு படம் பின்னால் போய்ப் பார்த்தால் அந்த வடிவம் அங்கேயே வரைந்திருக்கும்.

குறுக்க மூலைக்கு மூலை மடிச்சா தலை சுத்துது. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது, அதற்காகத்தான் கட்டத்துக்குப் பெயர் வைத்தோம். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் போகிற கோட்டில் மடித்தால், எழுத்தும் எண்ணும் இடம் மாறிக்கொள்ளும். அ, ஆ, இ, ஈ என்பதை 1, 2, 3, 4 என்று வையுங்கள். இ4 என்றால் 3, 4. மாற்றினால் 4, 3, அதாவது ஈ3. அவ்வளவுதான்.

மற்றக் குறுக்குக்கோடு, அதாவது மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்குப் போவது, கொஞ்சம் கூடுதல் வேலை. இடம் மாற்றிய பிறகு இரண்டு எண்ணையும் 5இலிருந்து கழிக்க வேண்டும். அ2 என்பது 1, 2. மாற்றினால் 2, 1. கழித்தால் 3, 4. ஆக அ2க்கு எதிர் இ4. கழித்தல் பிடிக்காதவர்கள் தாளைக் கால் சுற்றுத் திருப்பி, முதல் வகைக் கோடாக ஆக்கிக்கொண்டு போடலாம். ஆனால் கிடைத்த விடையை எதிர்ப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பிவைக்க மறக்கக் கூடாது.

மூன்று மடிப்புக் கணக்கு ஒன்று. இடது பாதியை வலது பாதியின் மேல் மடிக்கிறோம், பிறகு மேல் பாதியைக் கீழே இறக்குகிறோம். இ3, இ4, ஈ3, ஈ4 என்று நான்கு கட்டச் சதுரம் மிஞ்சும். அதையும் குறுக்காக, இ4 ஈ3இன் மேல் வந்து உட்காரும்படி மடிக்கிறோம். ஈ3இல் ஒரு குத்து. குறுக்கு மடிப்பைத் திறந்தால் ஈ3, இ4. மேல்-கீழ் மடிப்பைத் திறந்தால் அவற்றோடு அ3, ஆ4. இடது-வலது மடிப்பைத் திறந்தால் ஈ2, இ1, அ2, ஆ1 என்று நான்கு கூடும். மொத்தம் எட்டு. வரைந்து பார்த்தால் நான்கு மூலையும் நடு நான்கு கட்டமும் காலி, ஓரத்தில் மற்ற எட்டுக் கட்டத்திலும் ஓட்டை:

```
○ ● ● ○
● ○ ○ ●
● ○ ○ ●
○ ● ● ○
```

அதே மடிப்பில் ஈ4இன் நடுவில் குத்தினால் எட்டு வராது, நான்குதான் வரும். காரணம் அடுத்த கேள்வியில்.

மடிப்புக் கோட்டு மேலேயே ஓட்டை போட்டா அதை ஒண்ணா எண்ணவா, ரெண்டா எண்ணவா?

ஒன்றாக. மடித்த நிலையில் விளிம்பில் அரை வட்டம்தான் தெரியும், பிரிக்கும்போது இரண்டு அரையும் ஒட்டி ஒரு முழு வட்டம் ஆகும். நம் பக்கத்தில் கொடைக்குக் கலர் பேப்பர் வெட்டி, மைதா பசை தடவிச் சணலில் ஒட்டித் தோரணம் கட்டிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடித்த விளிம்பில் கத்தரியால் ஒரு முக்கோணம் கொத்துவார்கள். பிரித்தால் அது நடுவில் சாய்சதுரமாக நிற்கும். அதே முக்கோணத்தைத் திறந்த விளிம்பில் கொத்தினால் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பல்லாகத்தான் வரும். எது மடித்த விளிம்பு, எது திறந்த விளிம்பு என்று கை அறிந்திருக்கும். இப்போது கடையில் பிளாஸ்டிக் தோரணம் சுருளாகவே கிடைப்பதால் அந்தப் பழக்கம் குறைந்துவருகிறது.

தேர்வுப் படத்திலும் முதலில் அதைத்தான் குறிக்க வேண்டும். மடித்து முடிந்த கடைசி உருவத்தில் எந்தெந்த ஓரம் மடிப்பு, எந்தெந்த ஓரம் வெட்டுவிளிம்பு என்று பார்த்து, மடிப்பு ஓரத்தைப் பேனாவால் அழுத்தி வரைந்துவிடுங்கள். அந்தத் தடித்த கோட்டில் ஒட்டியிருக்கிற அரை வட்டம் முழு வட்டமாகும். வெட்டுவிளிம்பில் ஒட்டியிருப்பது எத்தனை அடுக்கில் இருந்தாலும் அரை வட்டமாகவே நிற்கும். முன் கேள்வியில் ஈ4இன் நடுப்புள்ளி குறுக்கு மடிப்பின் மேலேயே விழுகிறது. எட்டு அடுக்கும் அங்கே சந்திக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றிலும் அரை வட்டம். அதனால்தான் நான்கு மூலையிலும் ஒவ்வொரு முழு ஓட்டை.

இரண்டு மடிப்பு வெட்டிக்கொள்கிற மூலையில், அதாவது தாளின் நட்டநடுப் புள்ளியில் கால் வட்டம் வெட்டினால், எல்லாம் சேர்ந்து நடுவில் ஒரே ஒரு வட்டம். இந்தக் கேள்வி அடிக்கடி வரும், நேரம் இருக்கும்போது செய்து பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்துக்குப் பதிலா முக்கோணம், எழுத்து மாதிரி வெட்டுனா?

இடத்தோடு முகமும் திரும்பும். இடது பாதியை வலதின் மேலும், மேல் பாதியைக் கீழேயும் மடித்து, இ3இல் "ட" வடிவத்தில் வெட்டுவதாக வையுங்கள். ட என்றால் இடப்பக்கம் நிற்கிற கோடு, அடியில் படுத்த கோடு. மேல் பாதியைத் திறந்தால் ஆ3இல் அது தலைகீழ்: நிற்கிற கோடு இடப்பக்கமே இருக்கும், படுத்த கோடு மேலே போய்விடும். இடது பாதியைத் திறந்தால் இ2இல் நிற்கிற கோடு வலப்பக்கம் வரும், படுத்தது அடியிலேயே இருக்கும். ஆ2இல் இரண்டும் மாறும்: நிற்பது வலது, படுத்தது மேல். இது ட எழுத்தை அரைச் சுற்றுத் திருப்பி வைத்த வடிவம். இரண்டு முறை திருப்பிய பிம்பம் பிம்பமாக இருக்காது, சுழன்ற உருவமாக ஆகிவிடும். விடைகளில் நான்கு ஓட்டையும் சரியான கட்டத்தில் இருந்தும் ஆ2இல் மட்டும் முகம் தவறி வரைந்திருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

முன்னாடி மடிக்காம பின்னாடி மடிச்சா விடை மாறுமா?

மாறாது. ஊசி எல்லா அடுக்கையும் துளைத்துப் போகும்வரை, மடல் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஓட்டை ஒரே இடத்தில்தான். தாளையே புரட்டிப்போட்டு விடை கேட்டால் மட்டும் இடது வலது மாறும். அது அபூர்வம்.

கம்ப்யூட்டர்ல பரீட்சை. பேப்பரை மடிச்சுப் பார்க்க முடியாதே, நேரமும் இல்லையே?

எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி, கேள்விக்கு 36 வினாடி. தப்பான விடைக்கு அரை மதிப்பெண் போகும். இந்த வகைக் கேள்வி அதன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அங்கே முழுப் படத்தையும் மனதில் பிரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது, கழித்துக் கழித்தே போகலாம்.

முதலில் அடுக்கை எண்ணி மொத்த ஓட்டையைச் சொல்லுங்கள். நான்கு விடையில் ஒன்றோ இரண்டோ அப்போதே உதிர்ந்துவிடும். அடுத்து முதல் மடிப்பை மட்டும் பாருங்கள். முதல் மடிப்பு சரிபாதி மடிப்பாக இருந்தால், அந்தக் கோட்டின் இரு பக்கமும் விடை கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒத்திருந்தே தீர வேண்டும், ஏனென்றால் அதுதான் கடைசியில் திறக்கப்படுவது. இரண்டாவது மூன்றாவது மடிப்புக்கு இந்த விதி பொருந்தாது. இடது பாதியை வலதின் மேல் மடித்து, மிச்சத்தில் ஒரு மூலையைக் குறுக்காகத் திருப்பியிருந்தால், விடை இடம்-வலம் ஒத்திருக்கும், மேல்-கீழ் ஒத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அழகாக நாலாபக்கமும் ஒத்திருக்கிற படத்தைப் பார்த்து மயங்கி டிக் அடிப்பவர்கள் நிறைய.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு விடை நின்றால், அவை எந்தக் கட்டத்தில் வேறுபடுகின்றன என்று பார்த்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் கணக்குப் போடுங்கள். கொடுக்கிற ரஃப் தாளில் 16 கட்டம் போட ஐந்து வினாடி போதும்.

பொம்பளப் பிள்ளைகளுக்கு இது வராதுன்னு எங்க வீட்ல சொல்லுதாங்க, நிஜமா?

1985இல் லின், பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உருவத்தை மனதில் சுழற்றிப் பார்க்கும் சோதனைகளில் ஆண் பெண் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. காகித மடிப்பு போலப் படிப்படியாக யோசித்துப் போடும் சோதனைகளில் அது மிகச் சிறியதாக இருந்தது. அதனால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் தாளை எடுத்து மடிக்கச் சொல்லுங்கள்.

வீட்ல எந்தப் பேப்பர்ல பழகுறது? பஞ்சிங் மிஷின் வாங்கணுமா?

வேண்டாம், குண்டூசி போதும். பஞ்சிங் மிஷின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் எட்டும், நடுக் கட்டத்தில் குத்த முடியாது. மடித்த தாளை ஒரு பழைய பாய் மேலோ தெர்மாகோல் மேலோ வைத்து ஊசியை நேராக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் அடி அடுக்கில் ஓட்டை நகர்ந்துவிடும். பிரித்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை எல்லாம் தெரியும்.

தாள் மெலிதாக இருக்க வேண்டும். அல்வா டப்பா அட்டை, காலண்டர் அட்டை எல்லாம் சரிப்படாது. மூன்றாவது மடிப்பில் உள் அடுக்கு பிதுங்கி நகர்வதால் ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழும், பிள்ளை தன் கணக்குத் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். மெல்லிய தாளிலும் சின்ன விலகல் இருக்கத்தான் செய்யும். கட்டம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரிப்பதற்கு முன்பு விடையை எழுதிவைத்துவிட வேண்டும், அதில் கறாராக இருங்கள். எண்ணிக்கையை முதலில், அப்புறம் கட்டங்களின் பெயரை. தப்பினால் எண்ணிக்கையில் தப்பியதா இடத்தில் தப்பியதா என்று அப்போதுதான் தெரியும். எண்ணிக்கை தப்பினால் அடுக்கு எண்ணுவதில் கோளாறு, புள்ளிக்கோட்டைக் கவனிக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்து இடம் தப்பினால் அனேகமாகக் குறுக்கு மடிப்பு, அல்லது பிரிக்கும் வரிசை. அந்த வகையை மட்டும் எடுத்து இன்னும் நாலைந்து தாளில் செய்யச் சொன்னால் போதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.